ஈரலில் ஒரு கறுப்பு வட்டம்

“கல்லீரலின் வலது மடலில், 7ஆம் பகுதியில், 7.8 × 6.9 × 7.2 செ.மீ. அளவில் நீர் நிறைந்த கட்டி ஒன்று காணப்படுகிறது. உள்ளே மெல்லிய எதிரொலிகள். சுவர் தெளிவாக இல்லை. கட்டிக்குப் பின்னால் வெளிச்சம் கூடியிருக்கிறது. உள்ளே ரத்த ஓட்டம் இல்லை. சீழ்க்கட்டியாக இருக்கலாம். ஹைடாடிட் கட்டி அல்ல என்று உறுதி செய்துகொள்ளவும்.”

வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட் ஒன்று ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். வாங்கியவர் முதலில் பார்ப்பது செ.மீ. கணக்கை. ஏழரை, எட்டு என்று கண்ணில் பட்டதும் கை நடுங்கிவிடுகிறது. கூட வந்தவர் “கேன்சரா டாக்டர்?” என்று கேட்டுவிடுகிறார். ஆனால் அந்த ஆறேழு வரியில் நோயைச் சொல்வதில் அளவுக்குப் பங்கு குறைவு. உள்ளே என்ன தெரிகிறது, சுவர் எப்படி இருக்கிறது என்ற இரண்டு வரிதான் இது என்ன நோய், ஊசி போடலாமா, மாத்திரை போதுமா என்பதையெல்லாம் தீர்மானிக்கிறது.

அல்ட்ராசவுண்ட் கருவி ஒலி அலையை உடலுக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறது. கல்லீரல் திசு சீரான சாம்பல் நிறத்தில் தெரியும். சுத்தமான நீரிலிருந்து எதிரொலி எதுவும் வராது. அந்த இடம் கன்னங்கறுப்பு. நீருக்குள் செல்கள், சிதைந்த திசு, சீழ் என்று ஏதாவது மிதந்தால் கறுப்பு சற்று வெளுத்து, பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரியும். ரிப்போர்ட்டில் ‘ஹைப்போஎக்கோயிக்’ என்று எழுதுவது இதைத்தான். நீர் வழியாகப் போகும் ஒலி வலுவிழப்பது குறைவு என்பதால், கட்டிக்குப் பின்னால் இருக்கும் ஈரல் பகுதி மற்ற இடத்தைவிடப் பளிச்சென்று தெரியும். பின்னால் வெளிச்சம் இருந்தால் முன்னால் இருப்பது பெரும்பாலும் திரவம். சுண்ணாம்பு படிந்த இடத்தில் இது தலைகீழ்: ஒலி அங்கேயே தடுக்கப்பட்டு, பின்னால் கறுப்பு நிழல் விழும்.

ஈரலில் திரவம் நிறைந்த கட்டி என்றால் அதிகம் காணப்படுவது பிறவியிலேயே வரும் சாதாரண நீர்க்கட்டிதான். உள்ளே முழுக் கறுப்பு, கண்ணுக்குத் தெரியும் சுவரே இல்லாத அளவுக்கு மெல்லிய ஓரம், பின்னால் பளிச். அதை அப்படியே விட்டுவிடலாம். வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் இது தெரிந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்துக்கொண்டு அலைபவர்கள் உண்டு, தேவையே இல்லை. கவனம் வேண்டியது, உள்ளே ஏதாவது மிதக்கும் கட்டிக்கும் சுவர் தெரியும் கட்டிக்கும்.

மேலே சொன்ன ரிப்போர்ட்டுக்கு உரியவராக, நம் ஊர் மருத்துவமனைகளில் வழக்கமாகப் பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 38, ஆண், தினமும் குடிப்பவர். பத்து நாளாகக் குளிர் காய்ச்சல். வலது விலாவுக்குக் கீழே வலி. இருமினால், பெருமூச்சு விட்டால் வலது தோள்பட்டை வரை இழுக்கிறது. இரண்டு விலா எலும்புக்கு நடுவே விரலால் அழுத்தினால் துள்ளுகிறார். ரத்தத்தில் வெள்ளையணு 16,000. மஞ்சள்காமாலை இல்லை. வயிற்றுப்போக்கு இருந்ததா என்று கேட்டால் இல்லை என்கிறார். இப்படிப்பட்டவருக்கு அமீபா சீழ்க்கட்டி இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். இந்த நோய் பெண்களைவிட ஆண்களுக்குப் பல மடங்கு கூடுதலாக வருகிறது. அதிலும் 20 முதல் 50 வயதுக்குள், குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு.

அசுத்தமான தண்ணீர், உணவு வழியாக எண்டமீபா ஹிஸ்டோலிடிகா என்ற அமீபா குடலுக்குள் போகிறது. குடல் சுவரைத் துளைத்து ரத்தக் குழாய்க்குள் புகுந்தால் அடுத்த நிறுத்தம் கல்லீரல்தான். பெருங்குடலின் வலது பகுதியிலிருந்து வரும் ரத்தம் ஈரலின் வலது மடலுக்கே கூடுதலாகப் போகிறது என்பதால், பெரும்பாலும் கட்டி அங்கேதான், பெரும்பாலும் ஒன்றுதான், மேலோரத்தை ஒட்டித்தான் இருக்கும். வயிற்றுப்போக்கு வந்து போய் மாதங்கள் ஆகியிருக்கலாம், வராமலே இருந்திருக்கலாம். அதனால் மலப் பரிசோதனையில் அமீபா இல்லை என்று வந்தால் ஈரலில் இருப்பது அமீபா இல்லை என்று ஆகிவிடாது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் சோதனையே உதவும். அதுவும் நோய் தொடங்கிய முதல் வாரத்தில் ஏமாற்றலாம். ஒருமுறை வந்தவருக்கு வருடக்கணக்கில் பாசிட்டிவாகவே நிற்கலாம்.

சீழ் என்று பெயர் சொன்னாலும் இது புண்ணில் வைக்கும் சீழ் அல்ல. அமீபா ஈரல் செல்களைக் கொன்று கரைக்கிறது. கரைந்த ஈரல்தான் உள்ளே தேங்கி நிற்கிறது. ஊசி போட்டு எடுத்தால் கருப்பட்டிப் பாகு நிறத்தில், வாடை இல்லாமல் வரும். அந்தத் திரவத்தை நுண்ணோக்கியில் வைத்தால் பெரும்பாலும் அமீபா தெரியாது, ஏனென்றால் உயிருள்ள அமீபா நடுவில் இல்லை, ஓரத்தில், திசுவைத் தின்றுகொண்டிருக்கும் இடத்தில் இருக்கிறது. ஸ்கேனில் சுவர் தெளிவாகத் தெரியாததன் காரணமும் இதுதான். உடல் இன்னும் வேலி கட்டி முடிக்கவில்லை. கரைந்த பகுதிக்கும் நல்ல ஈரலுக்கும் நடுவே கோடு கிழித்ததுபோல் ஒரு வரம்பு விழ நாளாகும்.

முதல் சில நாட்களில் கரைதலே முழுமையாக நடந்திருக்காது. அப்போது எடுத்த ஸ்கேனில் திரவமே தெரியாமல், கெட்டியான கட்டி போல, சுற்றியுள்ள ஈரலைவிட லேசாக மங்கி மட்டும் தெரியும். சந்தேகமாகப் புற்றுநோய் என்று எழுதிவிடுவது இந்தக் கட்டத்தில்தான். காய்ச்சலும் வலியும் இருக்கும் ஆளுக்குக் கெட்டியான கட்டி தெரிந்தால், மருந்தைத் தொடங்கிவிட்டு மூன்று நான்கு நாளில் மறுபடி பார்ப்பது நல்ல ரேடியாலஜிஸ்ட்டின் வழக்கம். நடுப்பகுதி கறுத்து இளகியிருந்தால் விடை கிடைத்துவிட்டது.

நம் ஆளுக்கு மெட்ரோனிடசோல் 800 மி.கி., நாளுக்கு மூன்று வேளை, 10 நாள். வாயில் இரும்புக் கசப்பு அடிக்கும், குமட்டும், மதுவைத் தொடக்கூடாது. இந்த மருந்துக்கு அமீபா கட்டி பணிவது வேகமாக நடக்கும். மூன்று நான்கு நாளில் காய்ச்சல் இறங்கி, சாப்பாடு பிடிக்கத் தொடங்கும். இறங்கவில்லை என்றால்தான் யோசனை. உடனே ஊசி போட்டுச் சீழை எடுக்க வேண்டிய நிலைகளும் உண்டு. கட்டி வெளி ஓரத்திலிருந்து 1 செ.மீ.க்கும் குறைவான ஈரல்தான் மிச்சம் என்ற அளவுக்கு மேலே வந்திருந்தால் உடையும் ஆபத்து உண்டு. இடது மடலில் இருந்தால் இன்னும் கவலை, ஏனென்றால் அது உடைந்தால் இதயத்தைச் சுற்றிய பைக்குள் கொட்டலாம். இந்த ஆளுக்குக் கட்டி வலப்பக்கம், ஓரத்தில் 1.5 செ.மீ. ஈரல் மிச்சம். நான்காம் நாள் காய்ச்சல் இல்லை. ஊசி இல்லாமலே விடுகிறார்கள்.

ஏழாம் நாள் ஸ்கேன்: 8.1 × 7.2 × 7.4 செ.மீ. முன்பைவிடப் பெரிது.

இங்கேதான் வீட்டில் எல்லோரும் பதறுகிறார்கள். “மருந்து கொடுத்தும் கட்டி வளந்துடுச்சே டாக்டர், வேற ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா?” என்று மனைவி கேட்கிறார். டாக்டர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “காய்ச்சல் இருக்காம்மா? சாப்பிடுறாரா?” காய்ச்சல் இல்லை, இரண்டு இட்லி அதிகமாகவே சாப்பிடுகிறார், வலி பாதி. வெள்ளையணு 9,000க்கு வந்திருக்கிறது. அமீபா செத்த பிறகும், ஏற்கெனவே கொல்லப்பட்ட ஈரல் திசு கரைந்துகொண்டே இருக்கும். அதனால் முதல் வாரத்தில் குழி கொஞ்சம் பெரிதாகத் தெரிவது தோல்வி அல்ல. ஆள் தேறினால் கட்டி தேறுகிறது என்று பொருள். படம் பின்னால் வரும்.

பத்து நாள் முடிந்ததும் டைலாக்சனைடு ஃபுரோயேட் என்ற இன்னொரு மாத்திரை, 500 மி.கி. மூன்று வேளை, மேலும் 10 நாள். மெட்ரோனிடசோல் ஈரலில் உள்ள அமீபாவைக் கொல்லும். குடலுக்குள் ஓடு மூடிக் கிடப்பதை முழுதாக விரட்டாது. உடம்பு தேறிவிட்டதே என்று இந்த இரண்டாவது மாத்திரையை விட்டுவிடுபவர்கள் நிறைய. மறுபடி கட்டியோடு வருபவர்களில் சிலரிடம் கேட்டால் கதை இதுவாகவே இருக்கும்.

ஒரு மாதத்தில் ஸ்கேன்: 5.1 × 4.6 × 4.8 செ.மீ. மூன்று மாதத்தில்: 3.0 × 2.6 × 2.8 செ.மீ. மூன்று அளவையும் பெருக்கி, வரும் தொகையை ஏறத்தாழப் பாதியாக்கினால் மில்லிலிட்டரில் கொள்ளளவு வரும். சரியாகச் சொன்னால் 0.52ஆல் பெருக்க வேண்டும். முதல் நாள் கட்டியில் சுமார் 200 மி.லி. இருந்தது. ஏழாம் நாள் 225. ஒரு மாதத்தில் 60க்கும் கீழே. மூன்று மாதத்தில் 11 அல்லது 12. அகலம் 7.8இலிருந்து 5.1 ஆனதைப் பார்த்து “மூன்றில் ஒரு பங்குதானே குறைந்திருக்கிறது” என்று நினைப்போம். உண்மையில் நான்கில் மூன்று பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவாகக் காலியாகியிருக்கிறது. மூன்று அளவையும் எழுதாமல் ஒற்றை அளவை மட்டும் தரும் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட முடியாது. இது சின்னக் குறை அல்ல என்பது என் கருத்து.

அதன் பிறகு? குழி முழுதாக மூட ஆறு மாதம் முதல் ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். சிலருக்கு ஒரு சின்ன நீர்க்கட்டி போன்ற வட்டமாக நிரந்தரமாகவே நின்றுவிடும். இப்போது சுவர் தெளிவாகவே தெரியும், உள்ளே கறுப்பு சுத்தமாகிவிடும். மாறாத அந்த வட்டத்தைப் பார்த்து மறுபடி மறுபடி மெட்ரோனிடசோல் எழுதித் தருவதையும் பார்க்கிறோம். ஆள் நன்றாக இருந்தால் மருந்தும் வேண்டாம், மாதாமாதம் ஸ்கேனும் வேண்டாம்.

எப்போது ஸ்கேன் வேண்டும் என்றால், ஆள் தேறாதபோது. ஐந்தாம் நாளும் காய்ச்சல் நிற்கவில்லை, வெள்ளையணு இறங்கவில்லை என்றால் மூன்று சந்தேகங்கள். கட்டி உடையும் தறுவாயில் இருக்கலாம். இது அமீபா அல்ல, பாக்டீரியா சீழ்க்கட்டியாக இருக்கலாம். அல்லது சீழே அல்ல, நடுவில் அழுகிப்போன புற்றுக்கட்டியாக இருக்கலாம். பாக்டீரியா கட்டி பெரும்பாலும் வயதானவர்களுக்கு, சர்க்கரை நோயாளிகளுக்கு, பித்தப்பாதையில் கல்லோ அடைப்போ உள்ளவர்களுக்கு வரும். ஒன்றல்ல, சிறிதும் பெரிதுமாகப் பலவாகக் கொத்தாகத் தெரியலாம். உள்ளே காற்றுக் குமிழி பளிச்சென்று மின்னலாம். அதற்கு வெறும் மாத்திரை போதாது. குழாய் போட்டு வடிக்க வேண்டும், வாரக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் வேண்டும். புற்றுக்கட்டியின் சுவர் தடித்து, கோணல்மாணலாக, டாப்ளரில் சுவருக்குள் ரத்தம் ஓடுவது தெரியும். சீழ்க்கட்டியின் நடுவே ரத்த ஓட்டம் இருக்காது. மூன்று மாதத்திலும் கொஞ்சமும் சுருங்காத, சுவர் தடித்துக்கொண்டே போகும் ‘சீழ்க்கட்டி’யை சிடி ஸ்கேனுக்கு அனுப்பாமல் விடக்கூடாது.

இனி ரிப்போர்ட்டின் கடைசி வரி. ஹைடாடிட்.

இது நாய்க் குடலில் வாழும் நாடாப்புழுவின் குஞ்சுப் பருவம். எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ் என்ற அந்தப் புழு சில மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். நாயின் மலத்தில் முட்டை வெளிவருகிறது. மேய்ச்சல் புல்லோடு ஆடு அதைத் தின்னும். ஆட்டின் ஈரலில், நுரையீரலில் நீர்ப்பை வளரும். ஆட்டை அறுக்கும்போது அந்தக் கெட்டுப்போன ஈரலை எடுத்து நாய்க்கு வீசினால் வட்டம் முழுமையாகிவிடும். நடுவில் மனிதன் தவறி நுழைகிறான்: நாயைத் தடவிய கை, நாய் புழங்கிய இடத்து மண், கழுவாத கீரை வழியாக முட்டை வயிற்றுக்குள் போகிறது. ஆட்டுக்கறி தின்பதால் ஹைடாடிட் வராது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கும் ஒட்டாது. இந்தியாவில் ஆந்திரம், தமிழ்நாடு, காஷ்மீர் ஆகிய இடங்களில் இது புதிய செய்தி அல்ல.

சீழ்க்கட்டி நாட்களில் வளர்வது; ஹைடாடிட் வருடங்களில் வளர்வது. பத்து வருடம் உள்ளே இருந்தும் ஒரு காய்ச்சல்கூட வராமல் போகலாம். அவ்வளவு காலம் இருப்பதால் உடல் அதைச் சுற்றி வலுவான நார்ச்சுவர் கட்டிவிடுகிறது. புழுவும் தன் பங்குக்கு இரண்டு அடுக்குத் தோலோடுதான் இருக்கிறது: வெளியே உயிரில்லாத ஒரு தடித்த படலம், அதற்கு உள்ளே புதுப் புழுத்தலைகளை முளைக்கவைக்கும் மெல்லிய உயிர்ப்படலம். நல்ல கருவியில் பார்த்தால் கட்டியின் ஓரத்தில் இரண்டு வெள்ளைக் கோடு, நடுவே ஒரு கறுப்புக் கோடு என்று தெரியும். இதை இரட்டைக் கோடு என்பார்கள். சாதாரண நீர்க்கட்டிக்கு இது கிடையாது. படுத்திருப்பவரைப் புரண்டு படுக்கச் சொல்லி மறுபடி பார்த்தால், அடியில் தங்கிய புழுத்தலைகள் கலைந்து உள்ளே வெள்ளைப் பொடியாக மெல்ல இறங்கும். ஸ்கேன் அறையில் ஒரு நிமிடம் கூடுதலாகச் செலவழித்தால் கிடைக்கும் தடயம் இது. அவசரமாகப் பத்துப் பேரைப் பார்த்து அனுப்பும் இடத்தில் இது தப்பிப்போகும்.

ஹைடாடிட் கட்டியின் முகங்களை முதலில் ஒழுங்காக வரிசைப்படுத்தியவர்கள் துனீசிய நாட்டு மருத்துவர்கள். 1981இல் கார்பி என்பவரும் அவருடன் வேலை செய்தவர்களும் ‘ரேடியாலஜி’ இதழில் எழுதினார்கள். ஆடுகளும் நாய்களும் நிறைந்த நாடு, நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அதைச் சற்று மாற்றி, 2003இல் இன்று எல்லோரும் பின்பற்றும் வரிசையை வெளியிட்டது. ரிப்போர்ட்டில் சி.இ. 1, சி.இ. 2, சி.இ. 3, சி.இ. 4, சி.இ. 5 என்று எழுதுவது அதன்படிதான். புழு உயிரோடு இருக்கிறதா, திணறுகிறதா, செத்துவிட்டதா என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது.

1 என்றால் ஒற்றை அறை, இரட்டைக் கோட்டுச் சுவர், உள்ளே தெளிந்த நீர். புழு உயிரோடு இருக்கிறது. 2 என்றால் பெரிய பைக்குள் சின்னச் சின்னக் குட்டிப் பைகள் நெருக்கியடித்துத் தெரியும், இதுவும் உயிரோடுதான். 3 நடுக்கட்டம். இதில் இரண்டு வகை. உட்படலம் கழன்று நீரில் அலைபாய்வது ஒரு வகை. நீரின் மேல் மிதக்கும் அல்லி இலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குட்டிப் பைகள் கெட்டிப் பொருளுக்குள் புதைந்திருப்பது இன்னொரு வகை. இது நடுக்கட்டம் என்ற பேரில் இருந்தாலும் அடங்காதது. 4இல் நீர் வற்றி, உள்ளே கெட்டியாகி, சுருண்டு மடங்கிய படலங்கள் கறுப்புக் கோடுகளாகத் தெரியும். அந்தக் கோடுகளைத் தேடாமல் விட்டால் இதைப் புற்றுக்கட்டி என்று எழுதிவிடுவார்கள். 5இல் சுவர் முழுக்கச் சுண்ணாம்பு. ஒரு எச்சரிக்கை: அங்கங்கே கொஞ்சம் சுண்ணாம்பு எந்தக் கட்டத்திலும் படியலாம், சுண்ணாம்பு தெரிகிறது என்பதாலேயே புழு செத்துவிட்டது என்று முடிவுகட்டக்கூடாது.

இந்த எண்ணுக்கு ஏற்பத்தான் வைத்தியம் மாறுகிறது. பித்தப்பைக் கல்லுக்காக ஸ்கேன் எடுக்க வந்த 46 வயதுப் பெண் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஆடுகளும் இரண்டு நாய்களும் உண்டு. ஈரலில் 6.2 செ.மீ. கட்டி, இரட்டைக் கோடு, புரளச் சொன்னால் வெள்ளைப் பொடி. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. சி.இ. 1. ரத்தச் சோதனை நெகட்டிவ் என்று வருகிறது. புழு தன் தோலுக்குள் பத்திரமாக ஒளிந்திருக்கும் இந்த முதல் கட்டத்தில் ரத்தச் சோதனை காலை வாரிவிடுவது சகஜம். படத்தை நம்புவதே சரி.

இதை அமீபா கட்டி என்று நினைத்து, எந்த முன்னேற்பாடும் இல்லாமல் ஊசியைக் குத்தினால் என்ன ஆகும்? உள்ளிருக்கும் நீர் வயிற்றுக்குள் கசிந்தால் கடுமையான ஒவ்வாமை அதிர்ச்சி வந்து ரத்த அழுத்தம் சரியலாம். கசிந்த நீரில் இருக்கும் புழுத்தலை ஒவ்வொன்றும் வயிற்றுக்குள் ஒரு புதுக் கட்டியாக முளைக்கலாம். அதனால்தான் ரிப்போர்ட்டில் ‘ஹைடாடிட் அல்ல என்று உறுதி செய்துகொள்ளவும்’ என்று ஒரு வரி.

தெரிந்து, திட்டமிட்டுக் குத்துவது வேறு. அதற்கு பேர் என்று ஒரு முறை இருக்கிறது. 1980களின் நடுவில், துனீசியாவிலும் சேர்த்து, இது பழக்கத்துக்கு வந்தது. நான்கு மணி நேரமாவது முன்னாலேயே அல்பெண்டசோல் மாத்திரை தொடங்கிவிட வேண்டும். அட்ரினலினோடு மயக்க மருத்துவர் பக்கத்தில் நிற்பார். ஸ்கேனில் பார்த்தபடி, நேரே கட்டிக்குள் போகாமல் கொஞ்சம் நல்ல ஈரல் வழியாக ஊசி போகும்; கசிந்தால் அந்த ஈரலே தடுக்கும். நீரை உறிஞ்சி, அதில் பித்தம் கலந்திருக்கிறதா என்று உடனே சோதிப்பார்கள். பித்தம் இருந்தால் கட்டி பித்தக்குழாயோடு இணைந்திருக்கிறது. அதற்குள் மருந்து செலுத்தினால் பித்தக்குழாய் வெந்துபோகும், அங்கேயே நிறுத்திவிடுவார்கள். இல்லை என்றால் 20 சதவீத உப்புக் கரைசல் அல்லது ஆல்கஹால் செலுத்தி, கால் மணி நேரம் காத்திருந்து, மறுபடி உறிஞ்சி எடுப்பார்கள். அதற்குப் பின் ஒரு மாதமாவது அல்பெண்டசோல். 5 செ.மீ.க்கும் குறைந்த சி.இ. 1 கட்டிக்கு ஊசி இல்லாமல் மாத்திரை மட்டுமே போதும் என்பது பொதுவான வழிகாட்டல். குட்டிப் பைகள் நிறைந்த 2ஆம் கட்டத்துக்கு இந்த முறை சரிவராது; அறுவை சிகிச்சைப் பக்கம் போக வேண்டும். 4, 5 கட்டங்களில் தொல்லை இல்லாவிட்டால் மருந்தே வேண்டாம், பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

அல்பெண்டசோல் இங்கே பூச்சி மாத்திரை போல ஒரு வேளையோடு முடிவதில்லை. 400 மி.கி. இரண்டு வேளை, மூன்று முதல் ஆறு மாதம். வெறும் வயிற்றில் போட்டால் சரியாக உறிஞ்சப்படாது. நெய், எண்ணெய் சேர்ந்த சாப்பாட்டோடு போட வேண்டும். ஈரல் என்சைமும் வெள்ளையணுவும் மாதாமாதம் பார்க்கப்பட வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதில்லை.

அமீபா விஷயத்தில் ஆளைப் பார்த்தோம், படத்தை இரண்டாம் இடத்தில் வைத்தோம். ஹைடாடிடில் இது தலைகீழ். ஆளுக்கு முன்னாலும் தொல்லை இல்லை, பின்னாலும் இல்லை; சொல்வது படம் மட்டும்தான். அதிலும் அளவு சுருங்கியதா என்பதைவிட முகம் மாறியதா என்பதே கேள்வி. 6.2 செ.மீ. கட்டி ஆறு மாதத்துக்குப் பின் 5.4 ஆக, ஆனால் அதே இரட்டைக் கோடு, அதே தெளிந்த நீரோடு இருந்தால் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 5.8 ஆகவே நின்றாலும் உட்படலம் கழன்று, நீர் கலங்கி, கெட்டியாகத் தொடங்கியிருந்தால் மருந்து வேலை செய்கிறது. கெட்டியான பிறகும் நிம்மதி உடனே வராது. மருந்தால் கெட்டியான கட்டிக்குள் மறுபடி நீர் ஊறி, குட்டிப் பைகள் எழுவது உண்டு, அதுவும் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள். அந்தப் பெண்ணுக்கு 3, 6, 12 மாதத்தில் ஸ்கேன், பிறகு வருடத்துக்கு ஒருமுறை, குறைந்தது ஐந்து வருடம். ரத்தச் சோதனை இங்கே துணைக்கு வராது. புழு செத்தும் வருடக்கணக்கில் பாசிட்டிவாக இருக்கலாம். இடையே திடீரென்று காய்ச்சலோ மஞ்சள்காமாலையோ வந்தால் அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கட்டிக்குள் பாக்டீரியா புகுந்து அது சீழ்க்கட்டி போலவே மாறியிருக்கலாம், பித்தக்குழாய்க்குள் உடைந்திருக்கலாம்.

இரண்டு நோயிலும் மருத்துவருக்கு வேண்டியது, முந்தைய ஸ்கேனின் படம். பலர் வருடத்துக்கு ஒரு சென்டரில் எடுக்கிறார்கள். ரிப்போர்ட்டின் கடைசி வரியை மட்டும் கிழித்து வைத்துக்கொள்கிறார்கள், படத்தைத் தொலைத்துவிடுகிறார்கள். முடிந்தால் ஒரே இடத்தில் எடுங்கள். மூன்று அளவும் சுவரின் விவரமும் ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லை என்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். ஆடு வளர்ப்பவர்கள், ஆடு அறுப்பவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். அறுத்த ஆட்டின் ஈரலிலோ நுரையீரலிலோ நீர்ப்பை தெரிந்தால் அதை நாய்க்குப் போடாதீர்கள். நாய் தோண்டி எடுக்க முடியாத ஆழத்தில் புதையுங்கள், அல்லது எரித்துவிடுங்கள். வீட்டு நாய்க்குப் புழு மருந்து எவ்வளவு நாளைக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும் என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.